கேட்பது நன்கொடையா, விளம்பரமா?

கோடை விடுமுறை நெருங்கினால் தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையிலும் சேலையூர் கேம்ப் ரோட்டிலும் கடை வைத்திருப்பவர்களிடம் ஒரே மாதிரியான கடிதங்கள் வந்து சேரும். "எங்கள் பகுதி இளைஞர்கள் சார்பில் மாபெரும் டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டி நடத்துகிறோம். தங்களால் இயன்ற உதவியைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்." கீழே ஏழெட்டுக் கையெழுத்து இருக்கும். கடைக்காரர் ஐநூறோ ஆயிரமோ கொடுத்து அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உதவி என்று கேட்டால் உதவிக்கு உரிய பணம்தான் வரும். விளம்பரம் என்று கேட்டால்தான் விளம்பரத்துக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தைத் தொட முடியும்.

கொஞ்சம் விவரம் தெரிந்த குழுக்கள் செய்யும் தவறு வேறு. "உங்கள் நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து தாருங்கள், எல்லா இடத்திலும் உங்கள் லோகோவைப் போடுகிறோம்" என்று எழுதுகிறார்கள். இந்த ஒரு வரியே கடிதத்தைக் கெடுத்துவிடும். சமூகப் பொறுப்பு நிதி ஒதுக்கும் கடமை, 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்களுக்குத்தான். நம் பகுதிக் கடைகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள் வருவதில்லை. வரும் நிறுவனமும் தன் பொருளுக்கு விளம்பரப் பயன் தேடிச் செய்யும் ஸ்பான்சர் செலவை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. விதியே அதை விலக்கியிருக்கிறது. லோகோ போடுகிறோம் என்று சொன்ன கணமே அது விளம்பரச் செலவு. ஆகவே கடிதம் போக வேண்டியது விற்பனையையும் விளம்பரத்தையும் பார்ப்பவரிடம். சிறிய கடை என்றால் நேரே முதலாளியிடம்.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். 16 அணிகள், தோற்றால் வெளியே, ஆட்டத்துக்கு எட்டு ஓவர். மொத்தம் 15 ஆட்டங்கள். முதல் சனி, ஞாயிறில் தலா நான்கு, அடுத்த சனிக்கிழமை காலிறுதி, ஞாயிறு அரையிறுதியும் இறுதியும். பரிசு, கோப்பை, மைதானம், அம்பயர், பந்து, பந்தல், தண்ணீர் எல்லாம் சேர்த்து 1,05,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அணிக்கு 1,500 வீதம் நுழைவுக் கட்டணம் 24,000. குறைவது 81,000. இதை முதன்மை ஸ்பான்சர் ஒருவரிடம் 45,000, துணை ஸ்பான்சர் மூவரிடம் தலா 12,000 என்று பிரிக்கலாம்.

அந்த 45,000-ஐ யாரிடம் கேட்பது? அணிக்கு 15 பேர் என்றால் 240 ஆட்டக்காரர்கள். பெரும்பாலும் இருபது வயதைச் சுற்றியவர்கள், பெருங்களத்தூர், முடிச்சூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று வண்டியில் வந்துபோகும் தூரத்தில் இருப்பவர்கள். இருசக்கர வாகன ஷோரூம் தேடும் ஆட்கள் இவர்களேதான். அந்த ஷோரூமுக்கு எழுதும் கடிதத்தின் முதல் பத்தியில் கிரிக்கெட்டின் பெருமை வேண்டாம். எத்தனை பேர், என்ன வயது, எந்தப் பகுதி, எத்தனை நாள் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்பதை எழுதுங்கள். சென்ற ஆண்டு நடத்தியிருந்தால் கூட்டம் தெரியும் ஒரு படத்தை இணையுங்கள். அதே தொழிலில் இன்னொருவரைச் சேர்க்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியும் பயன். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "சாலை முழுக்க உங்கள் பேனர் வைக்கிறோம்" என்று எந்தக் குழுவும் எழுதக் கூடாது. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பேனர் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மென்பொறியாளர் மீது விழுந்தது; கீழே விழுந்தவர் மீது தண்ணீர் லாரி ஏறியது. நாம் தினமும் போய்வரும் சாலை அது. அனுமதியில்லாத பேனர் சட்ட மீறல். அதில் தன் பெயர் இருப்பதை நல்ல நிறுவனம் விரும்பாது.

மைதானத்துக்குள் இருக்கும் இடமே போதும். பவுண்டரி ஓரத்தில் எட்டடிக்கு மூன்றடி பலகைகள் வைக்கலாம். ஆனால் பந்து வீசுபவருக்கு நேர் பின்னால் வைத்தால் பேட்ஸ்மேனுக்குப் பந்து தெரியாது. முதல் ஆட்டத்திலேயே கழற்றச் சொல்வார்கள், ஸ்பான்சருக்குக் கொடுத்த வாக்கும் அங்கேயே போகும். அந்த இடத்தை விட்டு இரு பக்கமும் தள்ளி வையுங்கள். யூடியூபில் நேரலை செய்வதாக இருந்தால் முந்தின நாளே கேமராவை நிறுத்தி, எந்தப் பலகை திரையில் விழுகிறது என்று பார்த்து, அதை முதன்மை ஸ்பான்சருக்கு ஒதுக்குங்கள். பள்ளி, கல்லூரி மைதானம் என்றால் வெளி நிறுவனத்தின் பெயர்ப்பலகை வைக்க ஒப்புதலை முதலில் எழுத்தில் வாங்குங்கள். ஒப்புதல் இல்லாமல் கடிதம் கொடுப்பது இல்லாத பொருளை விற்பது போல.

பெயர் தெரிந்தால் மட்டும் வியாபாரம் நடந்துவிடாது. இங்கிலாந்தில் 1963-இல் தொடங்கிய ஒருநாள் கோப்பைக்கு ஜில்லெட் நிறுவனம் தன் பெயரைத் தந்தது. 1980-உடன் விலகிக்கொண்டது. ஜில்லெட் என்றதும் மக்களுக்குப் பிளேடைவிடக் கிரிக்கெட்டே நினைவுக்கு வருகிறது என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. நம் ஷோரூமுக்கும் அதுவே நேராமல் இருக்க, பெயரோடு பொருளையும் மைதானத்துக்குக் கொண்டுவாருங்கள். நுழைவாயில் அருகே இரண்டு வண்டிகள் நிற்கட்டும். அணிப் பதிவின்போது ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் எண்ணிட்ட கூப்பன் கொடுங்கள்; அதைக் காட்டினால் முதல் சர்வீஸில் சலுகை. எத்தனை கூப்பன் திரும்பி வந்தது என்பதை முதலாளியே எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

பணம் வாங்கும் முறையும் கடிதத்தில் இருக்க வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கும் செலவை நிறுவனம் வருமான வரிக் கணக்கில் பொதுவாகக் கழிக்க முடியாது. ஆகவே குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு அவசியம். ஸ்பான்சர் தொகைக்கு 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. சிறு விளையாட்டுக் குழு ஒரு நிறுவனத்திடமிருந்து வாங்கும்போது அந்த வரியைப் பெரும்பாலும் நிறுவனமே நேரடியாகக் கட்ட வேண்டியிருக்கும். 45,000-க்கு அது 8,100. இதை அவருடைய ஆடிட்டர் சொல்வதற்கு முன் நீங்களே சொன்னால் உங்கள் மீது நம்பிக்கை வரும். பாதி முன்பணம், மீதி இறுதி ஆட்டம் முடிந்த பிறகு என்று எழுதலாம். மழையால் ஆட்டம் தள்ளிப்போனால் மாற்றுத் தேதி எது, நடக்காமலே போனால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். முடிச்சூர்ப் பக்கம் மைதானங்களில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

பெரும்பாலான குழுக்கள் கோட்டைவிடுவது இறுதி ஆட்டத்துக்குப் பிறகுதான். கோப்பையோடு படம் எடுத்ததும் ஸ்பான்சரை மறந்துவிடுகிறார்கள். பத்து நாளுக்குள் இரண்டு பக்க அறிக்கை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பலகைகள் இருந்த இடத்தில் தேதியோடு எடுத்த படங்கள், நேரலையைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை, வந்த அணிகளின் பட்டியல், வரவு செலவுக் கணக்கு இவை போதும். பார்த்தவர்கள் 300 பேர்தான் என்றால் 300 என்றே எழுதுங்கள். அடுத்த ஆண்டுக் கடிதத்தை அந்த அறிக்கையின் பிரதியோடு கொண்டுபோங்கள்.