நூறு லிட்டர் எண்ணெய்க்கு எத்தனை கிலோ பருப்பு?

நிலக்கடலைப் பருப்பில் ஏறத்தாழ பாதி எண்ணெய். ரகத்தையும் மண்ணையும் முற்றலையும் பொறுத்து நூறு கிலோ பருப்பில் 44 முதல் 50 கிலோ வரை இருக்கும். கொப்பரையில் இன்னும் அதிகம். நன்றாகக் காய்ந்த கொப்பரை நூறு கிலோவில் 65 கிலோ அளவுக்கு எண்ணெய் உண்டு. ஆனால் மரச்செக்கில் ஆட்டினால் நிலக்கடலையில் 40 கிலோவும் கொப்பரையில் 59 கிலோவும் கிடைத்தாலே நல்ல ஆட்டு. பருப்பில் உள்ள எண்ணெய் வேறு, செக்கில் தேறும் எண்ணெய் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கணக்குப் போடுகிறவர், ஒத்துக்கொண்ட ஆர்டரை முடிக்க முடியாமல் கடைசி நாளில் பருப்புக்கு அலைவார்.

எண்ணெய் எங்கே போகிறது?

மீதி எண்ணெய் புண்ணாக்கில் தங்கிவிடுகிறது. எவ்வளவு தங்குகிறது என்பதை எளிதாகக் கணக்கிடலாம். நூறு கிலோ நிலக்கடலைப் பருப்பில் 47 கிலோ எண்ணெய், 6 கிலோ ஈரம், மீதி 47 கிலோ சக்கை என்று வைத்துக்கொள்வோம். ஆட்டி முடித்த மரச்செக்குப் புண்ணாக்கில் நூற்றுக்கு 12 பங்கு எண்ணெயும் 8 பங்கு ஈரமும் இருந்தால், மீதி 80 பங்கு சக்கை. சக்கை எங்கும் போகாது. அந்த 47 கிலோவும் புண்ணாக்கில்தான் இருக்கும். ஆகவே புண்ணாக்கின் எடை ஏறத்தாழ 59 கிலோ. அதில் நூற்றுக்கு 12 வீதம் 7 கிலோ எண்ணெய். நாற்பத்தேழில் ஏழு போக, கைக்கு வருவது 40.

இதிலிருந்து ஒன்று விளங்கும். எண்ணெய் இழப்பு பருப்பின் எடையைப் பொறுத்ததல்ல, சக்கையின் எடையைப் பொறுத்தது. சக்கைதான் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கொப்பரையில் சக்கை குறைவு, நூறு கிலோவுக்கு 29 கிலோதான். அதன் புண்ணாக்கில் நூற்றுக்கு 15 பங்கு எண்ணெய் நின்றாலும், புண்ணாக்கே 38 கிலோதான் என்பதால் இழப்பு 6 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. 65 கிலோவில் 59 கிலோ வெளியே வந்துவிடும்.

இரும்புத் திருகால் நெருக்கிப் பிழியும் எக்ஸ்பெல்லர் இயந்திரம் புண்ணாக்கில் 6 முதல் 8 சதவீதம் எண்ணெயை மட்டுமே விட்டுவைக்கும். அதே பருப்பில் அங்கே 43 கிலோ வரை தேறும். ஆனால் அந்த நெருக்கத்தில் சூடு ஏறும். மரச்செக்கில் உலக்கை மெதுவாகச் சுழல்வதால் சூடு குறைவு. அதற்கு விலையாகப் புண்ணாக்கில் கூடுதல் எண்ணெய் நிற்கிறது. மாட்டுக்குப் போடுகிறவர்கள் செக்குப் புண்ணாக்கை விரும்பி வாங்குவதற்கும் அந்த எண்ணெய்தான் காரணம்.

ஆர்டரிலிருந்து பின்னோக்கி

நூறு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று கொள்வோம். கணக்கை வாடிக்கையாளரின் கேனிலிருந்து தொடங்கி, கொல்லைக்களம் வரை ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும்.

முதல் படி, லிட்டரைக் கிலோவாக்குவது. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். நூறு லிட்டர் என்பது 91 கிலோ. பருப்பு எடையில் வருகிறது, எண்ணெய் அளவையில் போகிறது. இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவராவிட்டால் கணக்கில் ஒன்பது சதவீதம் தொடக்கத்திலேயே பிசகும்.

இரண்டாவது படி, கசடு. செக்கிலிருந்து வரும் எண்ணெய் கலங்கலாக இருக்கும். இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்தால் பருப்புத் தூள் அடியில் மண்டியாகப் படியும். தெளிவாக இறுத்து எடுக்கும்போது மூன்று சதவீதம் அளவுக்கு அடியில் நின்றுவிடும் என்று கொண்டால், 91 கிலோ தெளிந்த எண்ணெய்க்குச் செக்கிலிருந்து 93.8 கிலோ வந்தாக வேண்டும். இங்கே 91-ஐ 0.97-ஆல் வகுக்கிறோம். எஞ்சும் மண்டியை அடுத்த ஆட்டில் பருப்போடு சேர்த்துவிடலாம்; அதிலுள்ள எண்ணெய் முழுதும் வீணாகாது.

மூன்றாவது படி, பிழிசதவீதம். நூற்றுக்கு 40 தேறும் செக்கு என்றால் 93.8-ஐ 0.40-ஆல் வகுக்க, 234.5 கிலோ சுத்தமான பருப்பு வேண்டும்.

நான்காவது படி, செக்கின் கொள்ளளவு. ஒரு தடவைக்கு 15 கிலோ பிடிக்கும் செக்கில் 234.5 கிலோ என்பது பதினைந்தரைத் தடவைக்குச் சற்று மேல். அரைகுறையாக நிரப்பிய உரலில் உலக்கைக்கு அழுத்தம் கிடைக்காது, எண்ணெயும் சரியாக இறங்காது. ஆகவே 16 தடவை, 240 கிலோ என்று முழுமையாக்கிக்கொள்வதே சரி.

ஐந்தாவது படி, புடைத்துப் பொறுக்கும் கழிவு. கல், தூசி, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது எல்லாம் நூற்றுக்கு 2 போகும் என்றால் வாங்க வேண்டிய பருப்பு 245 கிலோ. பருப்பாக வாங்காமல் தோலோடு காயாக வாங்குகிறவர் இன்னும் ஒரு படி போக வேண்டும். நன்கு முற்றிய காயில் நூற்றுக்கு 70 பருப்பு தேறும், 245-ஐ 0.70-ஆல் வகுத்தால் 350 கிலோ காய்.

இதே நூறு லிட்டர் தேங்காய் எண்ணெயாக இருந்தால், எடை 91.5 கிலோ, கசடு சேர்த்து 94.3 கிலோ, அதை 0.59-ஆல் வகுக்க 160 கிலோ கொப்பரை போதும்.

வகுத்தலும் கூட்டலும்

பருப்பிலுள்ள 47 சதவீதத்தையே பிழிசதவீதம் என்று நம்பியவர், 91-ஐ 0.47-ஆல் வகுத்து 194 கிலோ பருப்பு வாங்குவார். செக்கில் 77.6 கிலோ வரும். தெளிந்த பிறகு 75 கிலோ, அதாவது 83 லிட்டர்தான். பதினேழு லிட்டர் குறையும்.

மற்றொரு பிழை, வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுவது. மூன்று சதவீதக் கசட்டுக்கு மூன்று சதவீதம் கூட்டினால் பிழை கிராம் கணக்கில்தான். ஆனால் முப்பது சதவீதம் தோல் போகும் காய்க்கு, 245 கிலோவோடு முப்பது சதவீதம் கூட்டி 318 கிலோ காய் வாங்கினால், உடைத்த பின் 223 கிலோ பருப்புதான் இருக்கும். 22 கிலோ பற்றாக்குறை. இழப்பு எப்போதும் வாங்கும் பொருளின் சதவீதம், வேண்டிய பொருளின் சதவீதமல்ல. அதனால்தான் வகுக்க வேண்டும்.

ஈரம் செய்யும் வேலை

ஒரே செக்கில், ஒரே ஆள் ஆட்டினாலும் நேற்று 40 தேறியது இன்று 36 தேறுவதற்கு முதல் காரணம் ஈரம். அது இரண்டு விதமாகக் கெடுக்கிறது. முதலாவது, எடையிலேயே எண்ணெய் குறைகிறது. 6 சதவீத ஈரமுள்ள கொப்பரையில் 65 கிலோ எண்ணெய் இருந்தால், 10 சதவீத ஈரத்தோடு வரும் அதே கொப்பரையில் நூறு கிலோவுக்கு 62 கிலோதான் இருக்கும். மூன்று கிலோ எண்ணெயின் விலைக்குத் தண்ணீர் வாங்கியாகிறது. இரண்டாவது, ஈரமான பருப்பு உரலில் விழுதாகிறது. உலக்கைக்குப் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். எண்ணெய் பால்போல் கலங்கி, நாட்கணக்கில் வைத்தாலும் தெளியாது. அப்படிப்பட்ட எண்ணெய் வாணலியில் படபடவென்று தெறிக்கும்.

அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் தொல்லைதான். பருப்பு மாவாக நொறுங்கி ஒன்றோடொன்று பிடிக்காமல் உரலைச் சுற்றி ஓடும். எண்ணெய் வெளியே வரவேண்டுமானால் மாவு ஒட்டி இறுகி, சுவரில் புண்ணாக்காகப் படிய வேண்டும். அதற்காகத்தான் செக்காட்டுகிறவர் கையால் சிறிது தண்ணீர் தெளிக்கிறார். அந்தத் தெளிப்பின் அளவே அனுபவத்தின் அளவு.

ஈரத்தைக் கையால் அறியலாம். காய்ந்த நிலக்கடலையை விரலில் வைத்து நசுக்கினால் படக்கென்று இரண்டாகப் பிளக்கும், தேய்த்தால் தோல் உதிரும்; ஈரமானது மென்மையாக அமுங்கும். காய்ந்த கொப்பரை ஒடியும், காயாதது வளையும். பூஞ்சை பிடித்த பருப்பை எக்காரணம் கொண்டும் செக்கில் போடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலைக் கெடுப்பது. சுத்திகரிக்காத செக்கு எண்ணெயில் அதை நீக்க வழியில்லை.

சொந்தச் செக்கின் சதவீதம்

இங்கே சொன்ன 40-ம் 59-ம் வழிகாட்டிகள் மட்டுமே. ஒவ்வொரு செக்குக்கும் ஒவ்வொரு லாட் பருப்புக்கும் சதவீதம் மாறும். அதை ஒரு தராசு சொல்லிவிடும். புது லாட் வந்ததும் 15 கிலோ எடை போட்டு ஆட்டி, எண்ணெயையும் புண்ணாக்கையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். எண்ணெய் 6 கிலோ, புண்ணாக்கு 8.8 கிலோ என்றால் கூட்டுத்தொகை 14.8, இருநூறு கிராம் ஈரமாகவும் சிதறலாகவும் போயிருக்கிறது. தெளித்த தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கூட்டுத்தொகை சரியாக இருந்து புண்ணாக்கு மட்டும் கனத்தால், ஆட்டு போதவில்லை. இரண்டும் சேர்ந்தே குறைந்தால், எண்ணெய் செக்கிலேயே தங்கியிருக்கிறது. காலையில் முதல் தடவை ஆட்டும்போது உரலின் மரமும் இடுக்குகளும் எண்ணெயைக் குடிக்கும் என்பதால், இரண்டாவது மூன்றாவது தடவைகளின் சராசரியையே எடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எண்ணெய் வாங்குகிறவருக்கும் உதவும். ஒரு லிட்டர் மரச்செக்குக் கடலை எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோவுக்குச் சற்றே குறைந்த பருப்பு ஆகிறது. அதிலிருந்து ஒரு கிலோ 400 கிராம் புண்ணாக்கு கிடைக்கிறது. அன்றைய சந்தையில் அந்தப் பருப்பின் விலையிலிருந்து அந்தப் புண்ணாக்கின் விலையைக் கழித்துப் பார்த்தால், ஆட்டுக்கூலியும் கேனும் சேர்க்காமலே ஒரு லிட்டரின் அடிவிலை தெரிந்துவிடும். அதற்கும் கீழே விற்கப்படும் எண்ணெய் முழுக்க நிலக்கடலையிலிருந்து வந்ததாக இருக்க முடியாது.