படம் வராத அதிரசக் குறிப்பு

பாட்டி எழுதி வைத்த அதிரச அட்டையின் படம் பேத்தியின் கைபேசிக்கு வந்து சேரவில்லை. "விடு கண்ணு, நான் சொல்றேன், எழுதிக்கோ" என்றார் பாட்டி.

அட்டையில் இருந்தது அளவு மட்டும்: ஒரு கிலோ பச்சரிசி, முக்கால் கிலோ வெல்லம், ஏலக்காய், சுக்கு. சொல்லும்போது மற்றதும் வந்தது. ஊறிய அரிசியை நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் தெரியும்போதே இடிக்க வேண்டும்.

"பாகு எத்தனை நிமிஷம் பாட்டி?"

"நிமிஷக் கணக்கு கிடையாதுடி. ஒரு சொட்டைத் தண்ணியில விடு. கரைஞ்சா பத்தாது. விரலால கூட்டினா மெத்துனு உருளணும். டங்குனு சத்தம் வந்தா முத்திடுச்சு."

பாகு இளசானால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றினால் கல்லாகும். வெல்லத்துக்கு வெல்லம் ஈரம் மாறும், அடுப்புக்கு அடுப்பு சூடு மாறும். அதனால்தான் நேரத்தை நம்ப முடிவதில்லை.

"பிரிஞ்சுபோனா?"

"மாவுல கொஞ்சம் அரிசிமாவு சேர்த்துப் பிசைஞ்சு, ஒண்ணு மட்டும் போட்டுப் பாரு."

இந்தப் பதில் அட்டையில் இல்லை. பேத்தி கேட்டதால் கிடைத்தது. வீட்டுக் குறிப்புகளைச் சேகரிப்பவர்கள் அளவோடு நிறுத்தாமல், கெட்டுப்போனால் என்ன செய்வது என்றும் கேட்டு எழுத வேண்டும்.