94-லேயே நிற்கும் இணையம்: போர்ட் விளக்கைப் பாருங்கள்

சூலக்கரையில் ஒரு வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரூட்டரிலிருந்து கேபிள் போட்ட கணினியில் வேகத்தை அளந்தால் காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. கம்பெனியின் லைனில் நெரிசல் என்றால் எண் ஏறி இறங்கும். இப்படி 94, 95-லேயே நின்றால், பெரும்பாலும் ரூட்டருக்கும் கணினிக்கும் நடுவிலுள்ள இணைப்பு 100-க்கு இறங்கிவிட்டது என்று பொருள்.

கேபிள் செருகும் போர்ட்டில் உள்ள குட்டி விளக்குகளைப் பாருங்கள். ஒழுங்கில்லாமல் படபடவென்று மினுங்கினால் தரவு போய்வருகிறது, பயமில்லை. சில விநாடிக்கு ஒருமுறை முழுதாக அணைந்து மறுபடி எரிந்தால் இணைப்பு அறுந்து அறுந்து சேர்கிறது. தளர்ந்த பிளக் அல்லது நசுங்கிய கேபிள் காரணமாக இருக்கலாம். எதுவுமே எரியாவிட்டால் இணைப்பே இல்லை. இடி மின்னலுக்குப் பிறகு அப்படி ஆனால் போர்ட்டே கருகியிருக்கலாம். பல கருவிகளில் பச்சை 1000-ஐயும் ஆரஞ்சு 100-ஐயும் காட்டும். சிலவற்றில் நேர்மாறு. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், விண்டோஸின் ஈதர்நெட் அமைப்பில் `Link speed` என்ற வரியையும் பாருங்கள். `100/100 (Mbps)` என்றிருந்தால் சந்தேகம் உறுதி.

கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 100-க்கு இரண்டு ஜோடி போதும், 1000-க்கு நான்கும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் இணையம் ஓடும், ஆனால் 100-லேயே ஓடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. தாமிரம் பூசிய அலுமினியக் கம்பியை மலிவாகத் தள்ளிவிடும் கடைகளும் உண்டு. அது எளிதில் முறியும்.

சுவரோரம் ஓடும் நீளக் கேபிளை விட்டுவிட்டு, நல்ல குட்டிக் கேபிளால் ரூட்டரோடு நேரே இணையுங்கள். 1000 வந்தால் குற்றம் பழைய கேபிள்மேல். வராவிட்டால் வேறொரு மடிக்கணினியிலும் வேறொரு போர்ட்டிலும் பாருங்கள். சில ரூட்டர்களில் முதல் போர்ட் மட்டுமே 1000, மற்றவை 100. எல்லாப் போர்ட்டும் 100 என்றிருக்கும் கருவியைக் கொடுத்துவிட்டு 200-க்குக் கட்டணம் வாங்கினால், என் பார்வையில் அது சேவைக் குறைபாடு.

விளக்கையும் `Link speed` வரியையும் வேகச் சோதனையையும் படமெடுத்துப் புகார் கொடுங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்பு வழக்குகளையும் நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்துவிட்டது. விருதுநகர் மாவட்ட ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. குறை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். சிவகாசி அச்சகத்துக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வணிகத்துக்காக வாங்கிய இணைப்பு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் சேராது, சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு.