கரிமணலைப் பற்றி ஒரு பத்தி

சுசீந்திரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்தது மணவாளக்குறிச்சிப் பக்கம். பேரனுக்கு நாலு வயது, எந்நேரமும் கடப்புறத்தில்தான் விளையாட்டாம். கரிமணலில் கதிர்வீச்சு உண்டு, புற்றுநோய் வரும் என்று அம்மாவுக்குப் பயம். மருமகன் ஒரு ஆய்வுச் சுருக்கத்தைக் கைபேசியில் அனுப்பி, “ஒண்ணும் வராதுன்னு நிரூபிச்சாச்சு அத்தே” என்கிறார். சம்பந்தியோ அதே சுருக்கத்தில் வேறொரு வரியைச் சுட்டி, “குரோமோசோமே கெட்டுப்போகுமாமே” என்கிறார். இதில் யார் சொல்வது சரி என்பதுதான் கடிதத்தின் கேள்வி.

கரிமணலில் மோனசைட் இருப்பதும் மோனசைட்டில் தோரியம் இருப்பதும் நம் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். நான் எழுத வந்தது மணலைப் பற்றி அல்ல, வாசகிக்கு வந்த அந்தப் பத்தியைப் பற்றி.

அது கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நடந்த ஆய்வின் சுருக்கம். ‘ஹெல்த் பிசிக்ஸ்’ இதழில் 2009-இல் வெளிவந்தது. மொத்தமே ஒரு பத்திதான். கேள்வி, முறை, முடிவு, குறை என்று தலைப்புப் போட்டுப் பிரித்திருக்க மாட்டார்கள். நாமேதான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி இருக்கும் இடத்தில் கேள்விக்குறி இருக்காது. முன்பே தெரிந்ததைச் சொல்லிவிட்டு, ‘இது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை’ என்று ஒரு வாக்கியம் வரும், அதுதான் கேள்வி. இந்தச் சுருக்கத்தில், அதிகக் கதிர்வீச்சுள்ள இடங்களில் வாழ்பவர்களின் ரத்த அணுக்களில் குரோமோசோம் மாற்றங்கள் கூடுதலாக இருப்பது பலமுறை காட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஆனால் அது புற்றுநோயை உண்டாக்குவது நிரூபணமாகவில்லை என்று அதே மூச்சில் முடிக்கிறார்கள். சம்பந்தி பிடித்துக்கொண்டது இந்த வாக்கியத்தின் முன்பாதியை. அது பொய்யில்லை. ஆனால் இந்த ஆய்வு கண்டுபிடித்தது அதுவல்ல, இந்த ஆய்வு எங்கிருந்து தொடங்கியது என்பதுதான் அது.

அடுத்து முறை. இங்கே எண்கள் படிப்படியாகச் சுருங்குவதைக் கவனிக்க வேண்டும். பதிவு செய்தது கருநாகப்பள்ளிவாசிகள் 3,85,103 பேரையும். கதிர்வீச்சு அளவுகளின் அடிப்படையில் தேர்ந்தெடுத்தது 1,73,067 பேரை. கணக்கில் எடுத்தது அவர்களில் 30 முதல் 84 வயது வரையுள்ள 69,958 பேரை. செய்தியில் போடுகிறவர்கள் முதல் எண்ணைத்தான் போடுவார்கள், ஆய்வு நிற்பதோ கடைசி எண்ணின்மேல். இவர்களைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு பின்தொடர்ந்ததில் 2005 முடிய 1,379 பேருக்குப் புற்றுநோய், அதில் ரத்தப் புற்று 30. ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளேயும் வெளியேயும் கதிர்வீச்சை அளந்து, ஆணோ பெண்ணோ, அந்த வயதில் எவ்வளவு நேரம் வீட்டுக்குள் இருப்பார் என்பதையும் சேர்த்து, ஆளாளுக்கு மொத்த அளவைக் கணித்திருக்கிறார்கள். பீடிப் பழக்கத்தையும் தனியே பிரித்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் பீடி செய்த வேலை மணலின் தலையில் விழுந்திருக்கும், அல்லது மணல் செய்தது பீடிக்குள் மறைந்திருக்கும்.

இனி முடிவு. அதிகக் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் புற்றுநோய் கூடுதலாகத் தென்படவில்லை. எண்ணில் சொன்னால், ரத்தப் புற்று நீங்கலாக, ஒரு கிரே கதிர்வீச்சுக்குக் கூடுகிற ஆபத்து -0.13. இந்தக் கழித்தல் குறியைப் பார்த்துவிட்டு, ‘கரிமணல் புற்றுநோயைத் தடுக்கும்’ என்று கிளம்புகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன, -0.58, 0.46 என்று. சுருக்கம் முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் இந்த அடைப்புக்குறிதான். உண்மையான விடை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று அது சொல்கிறது. அந்த இடைவெளிக்குள் பூஜ்யமும் கிடக்கிறது, 0.46-உம் கிடக்கிறது. 0.46 என்றால், வாழ்நாளில் ஒரு கிரே சேர்ந்தவர்களுக்கு நோய் 46 சதவீதம் வரை கூடியிருக்கலாம் என்று பொருள். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களிடம் கண்ட கணக்கு ஏறத்தாழ 0.5. ஒப்பீடு தோராயமானதுதான். ஆனாலும் அணுகுண்டுக் கணக்கை ஒட்டியே மேல் எல்லை வந்து நிற்கிறது பாருங்கள். ‘ஒன்றும் வராது’ என்று சொல்ல இந்த இடைவெளி இடம் கொடுக்கவில்லை.

இவ்வளவு பேரைப் பார்த்தும் ஏன் இத்தனை அகலம்? அதற்கான காரணம் சுருக்கத்தின் கடைசி வாக்கியத்தில், ‘இருந்தாலும்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒதுங்கிக் கிடக்கிறது. மக்கள் பெற்ற அளவு குறைவு என்பதால் ஆய்வுக்குப் போதிய திறன் இல்லாமல் இருக்கலாம் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடலோர ஊர்களில் வெளிப்புறக் கதிர்வீச்சின் இடைநிலை அளவு ஆண்டுக்கு 4 மில்லிகிரேக்குச் சற்று மேல் என்று சுருக்கமே சொல்கிறது. 4 என்றே வைத்துக்கொண்டாலும், 50 ஆண்டில் சேர்வது 200 மில்லிகிரே, அதாவது ஒரு கிரேயில் ஐந்தில் ஒரு பங்கு. அணுகுண்டுக் கணக்கே இங்கும் பொருந்தும் என்றால், 100 பேருக்கு நோய் வரும் இடத்தில் 110 பேருக்கு வரும். அந்தப் பத்துப் பேரை, புகையிலையும் சாப்பாடும் வயதும் ஆளுக்கு ஆள் மாறுகிற கூட்டத்தில், வெறும் 1,379 நோயாளிகளை வைத்துக்கொண்டு தேடிப் பிடிக்க வேண்டும். வடசேரிச் சந்தையில் காய்கறி நிறுக்கும் தராசில் மூக்குத்தியை வைத்தால் முள் அசையாது, அதற்காக மூக்குத்திக்கு எடையே இல்லை என்று ஆகிவிடாது. ரத்தப் புற்று விஷயத்தில் தராசு இன்னும் மோசம், மொத்தமே 30 பேர்தான்.

ஆய்வாளர்கள் இதை அறிந்தே எழுதியிருக்கிறார்கள். சீனத்தின் யாங்ஜியாங்கில் நடந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து அவர்கள் சொல்லும் கடைசிச் சொல், குறைந்த அளவுக் கதிர்வீச்சின் ஆபத்து இன்று கருதப்படுவதைவிட வெகுவாகக் கூடுதலாக இருக்க வாய்ப்பில்லை என்பது மட்டுமே. இதை ‘ஆபத்தே இல்லை’ என்று மாற்றிப் பரப்புகிறவர்களும், அதைக் கண்டு ‘ஆராய்ச்சியே கம்பெனிக்காரன் வேலை’ என்று தூக்கிப்போடுகிறவர்களும் கடைசி வாக்கியத்தைப் படித்தவர்களாக எனக்குத் தெரியவில்லை. ஆய்வாளர்கள் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. குறையைத் தனி வாக்கியமாக எழுதினால் என்ன? வேறொரு வாக்கியத்தின் முன்னால் ஒட்டவைத்தால், அவசரத்தில் படிப்பவன் தாண்டித்தான் போவான்.

இன்னும் சில குறைகளை யாரும் குறை என்று எழுத மாட்டார்கள். அவை முறைக்குள் ஒளிந்திருக்கும். முடிவு பேசுவது மண்ணிலிருந்து வரும் காமாக் கதிரைப் பற்றி மட்டும்தான், மூச்சில் போகும் வாயுவும் தூசியும் அதில் சேரவில்லை. ஆய்வு நடந்தது கருநாகப்பள்ளியில், மணவாளக்குறிச்சியில் அல்ல. வாசகிக்கு முக்கியமானது 30 முதல் 84 வரை என்ற அந்த வயது வரிதான். நாலு வயதுப் பேரனைப் பற்றி இந்தப் பத்தி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஏதாவது மருமகன் கையில் இருந்தால் அதை அனுப்பச் சொல்லுங்கள் அம்மா. வந்ததும் முடிவைப் படிக்குமுன், எந்த ஊரில், எந்த வயதுக்காரர்களை, எத்தனை ஆண்டு பார்த்தார்கள் என்ற வரியைத் தேடுங்கள்.