உள்ளேயே புகார் சொன்னவரைக் காப்பது எந்தச் சட்டம்?

பாதாளச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஒரு தொழிலாளி இறந்த பிறகு நடப்பவற்றை நாம் அறிவோம். முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த 30 லட்ச ரூபாய் இழப்பீட்டுக்காகக் குடும்பம் அலைகிறது. ஆனால் அந்த மரணத்துக்கு முன்பே, 'கருவி இல்லாமல் ஆளை இறக்காதீர்கள்' என்று நிறுவனத்துக்குள்ளேயே சொன்னவர் பெரும்பாலும் ஒருவர் இருந்திருப்பார். அவருக்கு என்ன ஆயிற்று என்பதை நாம் அரிதாகவே கேட்கிறோம். வெளியே செய்தியாளரிடமோ நீதிமன்றத்திடமோ போகாமல் தம் மேலாளரிடம் முறைப்படி சொன்ன இவரைத்தான் நம் சட்டங்கள் மிகக் குறைவாகக் காக்கின்றன. அந்த இடைவெளி எங்கே இருக்கிறது, இருக்கிற பாதுகாப்பை எப்படிக் கைக்கொள்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு நகராட்சியின் கழிவுநீர்ப் பணியை எடுத்துள்ள ஒப்பந்ததாரரிடம் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் மேற்பார்வையாளராக வேலை செய்கிறார். இரண்டு விஷயங்கள் அவர் கண்ணில் படுகின்றன. முதலாவது, வாயுக் கண்டறியும் கருவியோ சுவாசக் கருவியோ இல்லாமல் ஆட்கள் இறக்கப்படுகிறார்கள். இரண்டாவது, வருகைப் பதிவேட்டில் 40 பேர். வேலைக்கு வருபவர்கள் 28 பேர். நாளொன்றுக்கு 600 ரூபாய் வீதம் 26 நாட்களுக்குக் கணக்கிட்டால், வராத 12 பேரின் பெயரில் மாதம் 1,87,200 ரூபாய் எடுக்கப்படுகிறது. அவர் திட்டப் பொறியாளரிடம் வாய்மொழியாகச் சொல்கிறார். ஐந்தாம் நாள் தொலைவான ஒரு பணியிடத்துக்கு மாற்றப்படுகிறார். அடுத்த வாரம், 'இனி வர வேண்டாம்' என்கிறார்கள். பதிவேட்டிலோ, 'தகவல் இன்றி வேலைக்கு வரவில்லை' என்று எழுதப்படுகிறது.

முறைகேட்டை வெளிப்படுத்துவோருக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறதே என்று பலர் எண்ணக்கூடும். தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் நடந்த ஊழலைக் குறித்துப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டிருந்தும் அது காக்கப்படவில்லை. அதன் பிறகு 2004இல் மத்திய அரசு ஒரு தீர்மானத்தின் வழியாக மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு இப்பொறுப்பை அளித்தது. ஆனால் அது மத்திய அரசையும் அதன் நிறுவனங்களையும் பற்றிய புகார்களுக்கு மட்டுமே. 2014இல் நாடாளுமன்றம் இயற்றிய முறைகேடு வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற பின்னும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. கொண்டுவரப்பட்டாலும், அது சட்டம் குறிப்பிடும் அதிகாரியிடம் அளிக்கும் புகாரையே காக்கும். மேலாளரிடம் சொன்ன சொல்லைக் காக்காது.

நிறுவனங்கள் சட்டத்தின் 177ஆம் பிரிவு உள்ளகப் புகார் முறையையும், புகார் சொன்னவர் பழிவாங்கப்படாமல் காக்கும் ஏற்பாட்டையும் கட்டாயமாக்குகிறது. ஆனால் அக்கடமை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறுபவை, வங்கிகளிடம் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் பெற்றவை ஆகியவற்றுக்கே உரியது. சாக்கடை தூர்வாரும் சிறு ஒப்பந்ததாரர் இந்த வலைக்குள் வருவதில்லை. ஆக, தலித் தொழிலாளர்கள் மிகுதியாக இருக்கும் இடத்தில்தான் இந்தப் பாதுகாப்பு இல்லை.

எஞ்சியிருப்பவை தொழிலாளர் சட்டங்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றுள் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் 14ஆம் பிரிவு, பாதுகாப்புக் குறைபாட்டை முதலாளியிடம் எடுத்துச் சொல்லும் உரிமையைத் தொழிலாளிக்கு அளிக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக அஞ்சினால், முதலாளியிடம் சொல்லும் அதே வேளையில் அரசின் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்கிறது. ஆபத்து இருப்பதை முதலாளி ஏற்றால் உடனே சரிசெய்து ஆய்வாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஏற்காவிட்டால் முடிவை ஆய்வாளரிடம் விட வேண்டும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொல்லும் உரிமையை அளிக்கும் இப்பிரிவு, சொன்னதற்காக வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று தனியாக எங்கும் கூறவில்லை.

அந்தத் தடையைத் தொழிலுறவுத் தொகுப்பில்தான் தேட வேண்டும். அதன் இரண்டாம் அட்டவணை 'நேர்மையற்ற தொழில் நடைமுறைகள்' எவையெனப் பட்டியலிடுகிறது. பழிவாங்கும் நோக்கில் வேலைநீக்கம் செய்வது, தகவலின்றி வரவில்லை என்று பொய்யாகக் குற்றம் சாட்டி நீக்குவது, நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில் கெட்ட நோக்குடன் இடமாற்றம் செய்வது ஆகிய மூன்றும் அதில் உள்ளன. நம் மேற்பார்வையாளருக்கு நேர்ந்தவையும் இவைதாம். இதற்குத் தண்டனை 10,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரையான அபராதம். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமிருந்தது. அது இப்போது இல்லை.

ஆயினும் இந்தக் கதவு எல்லோருக்கும் திறப்பதில்லை. மேற்பார்வைப் பணியில் இருந்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர் இத்தொகுப்பின்படி 'தொழிலாளி' அல்ல. நம் எடுத்துக்காட்டில் உள்ளவர் 17,500 பெற்றால் உள்ளே; 18,500 பெற்றால் வெளியே. ஆனால் பதவியின் பெயரை மட்டும் வைத்து இது முடிவாவதில்லை. அவர் உண்மையில் முதன்மையாகச் செய்த வேலை எது என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 'மேற்பார்வையாளர்' என்று அட்டையில் எழுதியிருந்தாலும் நாள் முழுவதும் குழாயும் கயிறும் பிடித்தவர் தொழிலாளிதான். அதை நிறுவும் சான்று வேண்டும். இன்னொரு பொறி, குறித்தகால ஒப்பந்தம். காலம் முடிந்து வேலை முடிவது ஆட்குறைப்பாகாது என்று தொகுப்பு சொல்வதால், 'ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை' என்ற ஒற்றை வரியில் பழிவாங்கல் மறைந்துகொள்கிறது. அப்போது, அதே நாளில் காலம் முடிந்த மற்றவர்கள் அனைவரும் புதுப்பிக்கப்பட்டு இவர் மட்டும் விடுபட்டார் என்பதைக் காட்டினால்தான் வழக்கு நிற்கும்.

வாய்மொழிப் புகாரின் பெருங்குறை இங்கேதான் தெரிகிறது. பழிவாங்கல் என்பது மனத்தில் இருக்கும் நோக்கம். அதை எவரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. நாட்களின் வரிசையே அதை வெளிக்காட்டும். புகார் என்றைக்கு, யாருக்குத் தெரிந்தது? அதற்கு முன் அவர்மீது ஏதேனும் குற்றச்சாட்டு இருந்ததா? நடவடிக்கை எத்தனை நாளில் வந்தது? மற்றவர்களுக்குப் பின்பற்றிய முறை இவருக்கு மட்டும் ஏன் மாறியது? இக்கேள்விகளில் முதலாவதற்கு எழுத்தில் விடை இல்லாவிட்டால், 'அவர் புகார் சொன்னதே எங்களுக்குத் தெரியாது' என்று நிர்வாகம் எளிதில் தப்பித்துவிடும்.

ஆகவே அதே மேற்பார்வையாளர் வேறு விதமாகச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம். தேதி, இடம், இறக்கப்பட்டோர் எண்ணிக்கை, இல்லாத கருவிகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதுகிறார். கருத்தோ வசையோ அதில் இல்லை. ஒப்பந்ததாரருக்கும் நகராட்சி ஆணையருக்கும் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புகிறார். அதே நாளில் 14ஆம் பிரிவைச் சுட்டி ஆய்வாளருக்கும் ஒரு படி அனுப்புகிறார். வருகைப் பதிவேட்டு மோசடியைத் தனிக் கடிதமாக எழுதுகிறார்; இரண்டையும் கலந்தால், உயிர் ஆபத்து பற்றிய புகார் கணக்குச் சச்சரவாகத் திரிக்கப்படும். பதிவேட்டின் மூலத்தை அவர் எடுத்துச் செல்வதில்லை. அப்படிச் செய்தால் மறுநாளே திருட்டுப் புகார் வரும். தம் பணியில் தாமே எழுதிய குறிப்புகளின் தேதிகளையும் எண்களையும் மட்டும் குறித்துக்கொள்கிறார். 'வர வேண்டாம்' என்று சொல்லப்பட்ட நாளன்று, வேலைக்கு வந்ததையும் திருப்பி அனுப்பப்பட்டதையும் அன்றைக்கே எழுதி அனுப்புகிறார். இந்த ஒரு கடிதமே 'தகவலின்றி வரவில்லை' என்ற பதிவை உடைத்துவிடும். வெற்றுத் தாளிலோ, முன்கூட்டியே தட்டச்சு செய்த பதவி விலகல் கடிதத்திலோ அவர் கையெழுத்திடுவதில்லை.

இன்னும் வலுவான வழி, தனி ஆளின் புகாரைத் தொழிலாளர்களின் கோரிக்கையாக மாற்றுவது. பாதுகாப்புக் கருவிகள் வேண்டும் என்பதைச் சங்கத்தின் வழியாகத் தொழில் தகராறாக எழுப்பிச் சமரச அலுவலர்முன் பேச்சு தொடங்கிவிட்டால், தொகுப்பின் 90ஆம் பிரிவு செயல்படத் தொடங்கும். அப்போது, அந்தத் தகராறோடு தொடர்புடைய தவறு எனக் கூறி ஒரு தொழிலாளியை நீக்க, அந்த அலுவலரின் எழுத்துபூர்வமான முன் அனுமதி வேண்டும். தொடர்பற்ற காரணம் காட்டி நீக்கினாலும் ஒரு மாத ஊதியம் கொடுத்து ஒப்புதல் கோர வேண்டும். சட்டத்தில் உண்மையான முன்தடை இது ஒன்றே. மற்றவை வேலை போன பின் போராடுவதற்கானவை. அந்தப் போராட்டத்துக்கும் காலவரம்பு குறைந்துவிட்டது. முன்பு வேலைநீக்கத்தை எதிர்க்க மூன்று ஆண்டுகள் இருந்தன. இப்போது இரண்டே ஆண்டுகள்.

கடைசியாக, நம் கையில் உள்ள தனிச் சட்டத்துக்கு வருவோம். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரைப் பொருளாதாரப் புறக்கணிப்புக்கு உள்ளாக்குவதையும் அவ்வாறு மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கூலிக்கு வேலை தர மறுப்பதும், ஒப்பந்த வாய்ப்பை மறுப்பதும் இப்புறக்கணிப்பின் வரையறையிலேயே உள்ளன. ஒரு வேலைநீக்கம் மட்டுமே இக்குற்றமாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் 'இவனை யாரும் சேர்க்காதீர்கள்' என்று பிற ஒப்பந்ததாரர்களுக்குச் சொல்வது, அவருடைய உறவினர்களையும் வேலையிலிருந்து நிறுத்துவது ஆகியவற்றுக்குச் சான்று இருந்தால் இப்பிரிவைக் கோர வலுவான இடமுண்டு. அவர்மீது பொய் வழக்குப் போடுவதும் இச்சட்டத்தின்கீழ் தனிக் குற்றம். குற்றம் சாட்டப்படுபவரும் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் இச்சட்டம் பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மேலே உள்ள நிர்வாகி தாம் பேசாமல், இடையில் ஒரு தலித் மேஸ்திரியை நிறுத்திப் பேசவைப்பது இதனாலும்தான்.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஆபத்தான முறையில் சாக்கடையைச் சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவதைப் பிணையில் விட முடியாத குற்றமாக்கியுள்ளது. அக்குற்றம் நடப்பதை மரணத்துக்கு முன்பே கண்டு சொல்லக்கூடியவர் உள்ளே வேலை செய்பவர் மட்டுமே. அவரது வேலையைக் காக்க அச்சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. புகார் அளித்தபின் குறிப்பிட்ட மாதங்களுக்குள் வரும் எந்த நடவடிக்கையையும் பழிவாங்கலாகவே கருதி, இல்லையென நிறுவும் சுமையை நிர்வாகத்தின்மீது வைக்கும் ஒரு பிரிவை அச்சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை. அதுவரை, ஒப்புகையுடன் போகும் அந்த ஒரு பக்கக் கடிதத்தையும் அதன்கீழ் இடப்படும் பல கையெழுத்துகளையும்தான் நாம் நம்பியாக வேண்டும்.