கூலித் தொழிலாளிக்கும் ஓய்வூதியம்: 40 வயதுக்குள் சேருங்கள்

களை எடுப்பவர், வீட்டு வேலை செய்பவர், தெருவில் காய்கறி விற்பவர் போன்றோருக்காக 2019-இல் வந்தது பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டம். வயது 18 முதல் 40 வரை, மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் உள்ளவர்கள் பொது சேவை மையத்தில் ஆதார், வங்கிப் பாஸ்புக் காட்டிச் சேரலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் சேர முடியாது.

29 வயதில் சேரும் பெண் மாதம் 100 ரூபாய் கட்டினால், அரசும் 100 ரூபாய் போடும். 31 ஆண்டுகளில் அவர் கட்டுவது 37,200 ரூபாய். 60 வயது முடிந்ததும் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். கட்டிய தொகை 13 மாதங்களுக்குள் கைக்கு வந்துவிடும்.

தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்படும். வேலையில்லாத மாதத்தில் கணக்கு காலியாக இருந்தால் தவணை நின்றுபோகும். பிறகு நிலுவையை அபராதத்துடன் கட்ட வேண்டும். ஆகவே அறுவடைக் கூலி வந்ததும் ஆறு மாதத் தவணையைக் கணக்கில் போட்டுவையுங்கள். பத்து ஆண்டுக்குள் விலகினால் நீங்கள் கட்டிய பணமும் சேமிப்புக் கணக்கு வட்டியும் மட்டுமே திரும்பும்.