‘பிளவுஸ் தைக்க எவ்வளவு அக்கா?’

தையல் கடை போனுக்கு வரும் செய்திகளைப் பார்த்தால், கேள்வி பெரும்பாலும் மூன்றுதான். கூலி எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும், லைனிங் துணி யார் வாங்குவது. பட்டு பிளவுஸின் கழுத்து வளைவைத் திருப்பிக்கொண்டிருப்பவர் மெஷினை நிறுத்திவிட்டு ஒவ்வொருவருக்கும் இதையே தட்டச்சு செய்ய முடியாது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கேட்டவர் அதற்குள் அடுத்த தெருக் கடையில் துணியைக் கொடுத்திருப்பார்.

இதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் என்ற ஆப்பிலேயே இரண்டு வசதிகள் இருக்கின்றன. தைக்கும் வகைகளைப் படத்துடனும் கூலியுடனும் அடுக்கி வைக்கும் கேட்டலாக் ஒன்று. புதிதாக எழுதுபவருக்குத் தானாகப் போகும் வரவேற்புச் செய்தி மற்றொன்று. 2018-இல் வந்த இந்த ஆப்பில் கேட்டலாக் 2019-இன் கடைசியில் சேர்ந்தது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் இவை பொருள் விற்கும் கடையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தையல் கடை விற்பது கூலி வேலை. அந்த வித்தியாசத்தைப் பார்த்து அமைக்காவிட்டால் கேள்வி குறையாது, சண்டைதான் கூடும்.

முதலில் நம்பரை முடிவு செய்யுங்கள். ஒரே நம்பரில் சாதாரண வாட்ஸ்அப்பும் பிசினஸும் சேர்ந்து ஓடாது. வீட்டு நம்பரையே மாற்றினால் பழைய உரையாடல்களைக் கொண்டுவந்துவிடலாம், ஆனால் மாமியார், சம்பந்தி, பள்ளிக்கூட டீச்சர் எல்லோரும் கடைக்குள் வந்துவிடுவார்கள். இரண்டு சிம் போடும் போனாக இருந்தால் இரண்டாவது சிம்மைக் கடைக்கென்று வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு ஆப்பும் ஒரே போனில் தனித்தனி நம்பரில் இருக்கலாம்.

இனி கேட்டலாக். மூன்று மெஷின் போட்டு, பிளவுஸும் சுடிதாரும் தைக்கும் ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். ஆப்பில் Business tools பகுதிக்குப் போய் Catalog என்பதைத் தொட்டால் புதிய பொருளைச் சேர்க்கும் இடம் வரும். ஒரு பொருளுக்குப் பத்துப் படங்கள் வரை போடலாம். பெயர், விலை, விவரம் எழுதத் தனித்தனி இடம் உண்டு. ஒரு கேட்டலாக்கில் 500 பொருள்கள் வரை இடமிருந்தாலும், இந்தக் கடைக்குப் பன்னிரண்டு பதினைந்து போதும். தைத்த ஒவ்வொரு பிளவுஸையும் ஏற்றி முந்நூறு படம் சேர்ப்பவர்கள் உண்டு. அது ஆல்பம். வாடிக்கையாளருக்கு வேண்டியது வகையும் கூலியும்.

பலரும் சறுக்குவது விலைக் கட்டத்தில்தான். அதில் எண் மட்டும்தான் போடலாம். ‘200 முதல்’ என்று எழுத வழியில்லை. பிளவுஸ் என்று பொதுவாக ஒரு பெயர் கொடுத்து 200 என்று போட்டுவிட்டால், லைனிங், பைப்பிங், குஞ்சம் எல்லாம் வைத்துத் தைக்கச் சொன்னவரும் பில் வாங்கும்போது அந்தப் படத்தைக் காட்டி ‘இருநூறுன்னுதானே போட்டிருக்கீங்க’ என்பார். அவர் மேல் தப்பில்லை. ஆகவே கூலி எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கெல்லாம் தனி வகையாகப் பிரியுங்கள். சாதா பிளவுஸ் ஒன்று, லைனிங் பிளவுஸ் ஒன்று, பிரின்சஸ் கட் ஒன்று. ஆரி வேலைப்பாட்டுக்கு மட்டும் விலைக் கட்டத்தைக் காலியாக விடலாம். டிசைனைப் பார்க்காமல் அதற்குக் கூலி சொல்ல யாராலும் முடியாது.

லைனிங் பிளவுஸுக்கு ஒரு பதிவு இப்படி இருக்கலாம். கூலி உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர்க் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்: 2. லைனிங் பிளவுஸ்
விலை: 350
விவரம்: தையற்கூலி மட்டும். லைனிங் துணி, ஹூக், நூல் எங்களுடையது. பைப்பிங், குஞ்சம் வைத்தால் கூலி தனி. துணியும் அளவு பிளவுஸும் கடைக்கு வந்த நாளிலிருந்து 7 நாள். பட்டுச் சேலையில் பிளவுஸ் துணியை வெட்டாமல் கொண்டுவந்தால் நாங்களே வெட்டிக்கொள்வோம்.

பெயருக்கு முன்னால் 2 என்ற எண் வீணுக்கு இல்லை. போனில் கூப்பிடுகிறவர் ‘அந்த ரெண்டாம் நம்பர் அக்கா’ என்று சொன்னால் இரு பக்கமும் புரிந்துவிடும். ரசீதிலும் அதே எண்ணை எழுதலாம். ‘துணி வந்த நாளிலிருந்து’ என்ற சொற்களும் அப்படித்தான். செய்தி அனுப்பிய நாளையே ஆர்டர் கொடுத்த நாளாக எண்ணிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

படத்துக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் அழகான பின்கழுத்துப் படங்களை ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். அந்தத் துணியும் அந்த உடல்வாகும் வேறு, தைத்து முடித்ததும் ‘படத்துல இருக்கிற மாதிரி இல்லையே’ என்ற பேச்சு வரும். சொந்தத் தையலையே டம்மியில் மாட்டி, ஹூக் எல்லாம் போட்டு, காலையில் வாசல் வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். பட்டியலில் படம் சதுரமாக வெட்டுப்பட்டுத் தெரியும் என்பதால் கழுத்து டிசைன் நடுவில் வர வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், கை ஓரத்தின் கிட்டப் படம், உள்பக்கத் தையல் என்று நான்கு போதும். உள்பக்கப் படத்தை யாரும் போடுவதில்லை. ஆனால் லைனிங் பிடித்திருக்கும் நேர்த்தியும், நாளை பிரித்துவிட எவ்வளவு துணி விட்டிருக்கிறீர்கள் என்பதும் அங்கேதான் தெரியும். தையல் தெரிந்த பெண்கள் அதைத்தான் பார்ப்பார்கள். வாடிக்கையாளர் போட்டுக்கொண்டு அனுப்பிய படத்தை அவரைக் கேட்காமல் ஏற்றக் கூடாது, முகம் தெரியாவிட்டாலும்.

ஏற்றிய படம் உடனே எல்லோருக்கும் தெரிந்துவிடாது. நிறுவனத்தின் விதிகளுக்கு உட்பட்டதா என்று பார்த்த பிறகே தெரியும். மறுத்துவிட்டால் அந்தப் பொருளின் மேல் சிவப்புக் குறி வரும். தப்பாக மறுத்திருக்கிறார்கள் என்று தோன்றினால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்க அங்கேயே வழி இருக்கிறது.

கேட்டலாக் அமைப்புகளில் Add to cart என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள் என்பது என் கட்சி. அது ஓடிக்கொண்டிருந்தால் வாடிக்கையாளர் மூன்று பிளவுஸைக் கூடையில் போட்டு, மொத்தத் தொகையுடன் ஆர்டராக அனுப்பிவிடுவார். துணி வந்திருக்காது, அளவு வந்திருக்காது, அவர் கணக்கில் மட்டும் ஆர்டர் முடிந்திருக்கும். அணைத்துவிட்டால், பிடித்த வகையைத் தொட்டுக் கடைக்குச் செய்தி அனுப்புவார். அந்தப் படமும் பெயரும் செய்தியோடு சேர்ந்தே வரும். பேச்சு எந்த வகையைப் பற்றியது என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை.

அடுத்தது வரவேற்புச் செய்தி. அதே Business tools பகுதியில் Greeting message என்று இருக்கும். அதை இயக்கி, வாசகத்தை எழுதி, யாருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. அது எப்போது போகும் என்பதைத்தான் பலரும் சரியாகத் தெரிந்துகொள்வதில்லை. ஒருவர் முதல்முறை எழுதும்போது போகும். அதன்பின், அவருக்கும் உங்களுக்கும் 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்து மறுபடி எழுதினால் போகும். நடுவில் போகாது. ஏழு நாள் கெடு வைத்திருக்கும் நம் கடைக்கு இது வசதிதான், ‘ஆயிடுச்சா அக்கா?’ என்று கேட்பவருக்கு வணக்கம் போய் நிற்காது.

கல்யாண ஆர்டரில்தான் சிக்கல். துணியைக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் கழித்து, ‘முகூர்த்த பிளவுஸ் என்னாச்சு?’ என்று பதற்றத்தோடு கேட்கும் பெண்ணின் அம்மாவுக்கு, ‘எங்கள் கடைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்’ என்று பதில் போனால் எப்படி இருக்கும்? அதனால் புதியவருக்கும் பழையவருக்கும் பொருந்துகிற மாதிரி எழுத வேண்டும்:

“வணக்கம். இப்போது தையலில் இருக்கிறோம், மதியம் 1 மணிக்கும் இரவு 7 மணிக்கும் செய்தி பார்த்துப் பதில் சொல்வோம். ஏற்கெனவே துணி கொடுத்தவர்கள் ரசீது எண்ணை அனுப்புங்கள். புதிதாகத் தைக்க வேண்டுமென்றால் வகைகளும் கூலியும் இங்கே: wa.me/c/91XXXXXXXXXX. பிடித்த வகையின் எண்ணையும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.”

இணைப்பில் 91-க்குப் பிறகு உங்கள் பத்து இலக்க நம்பரைப் போட வேண்டும். செய்தியில் பதில் நேரத்தைச் சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும். முடியாதென்றால் நேரம் எழுதாதீர்கள். தானாகப் போகும் பதில், வந்த செய்தியைப் படித்துவிட்டுப் போவதில்லை. கேட்டது எதுவானாலும் இதே வாசகம்தான் போகும்.

ஒரே நம்பரில் வீடும் கடையும் இருந்தால், போனில் பெயர் பதிந்திராதவர்களுக்கு மட்டும் போகும்படி தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை பேசும் சித்தப்பா துக்கச் செய்தி அனுப்பும்போதும் கூலிப் பட்டியல் போய்ச் சேரும்.

அமைத்து முடித்ததும் எல்லோரும் செய்வது, வீட்டுக்காரர் போனிலிருந்து ஒரு ‘ஹாய்’ போட்டுப் பார்ப்பது. பதில் வராது. ஆப் கெட்டுப்போய்விட்டதென்று அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். கடை நம்பரோடு அவர் நேற்றுத்தானே பேசியிருக்கிறார், 14 நாள் ஆகவில்லை. இதுவரை அந்த நம்பருக்கு எழுதியே இராத ஒருவரை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் போகவில்லையென்றால், கடை போனில் நெட் இருக்கிறதா, பெறுபவர் பட்டியலில் அவரை விலக்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நெட் இல்லாத போனிலிருந்து தானியங்கிச் செய்தி போகாது.

அளவு விஷயத்தில் மட்டும் இவை எதுவும் உதவாது. டேப் வைத்து எடுத்த அளவை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறேன் என்பவர்களிடம், சரியாகப் பொருந்தும் பழைய பிளவுஸ் ஒன்றைத் துணியோடு சேர்த்துக் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். இதையே அடிக்கடி எழுத வேண்டியிருப்பதால், Quick replies என்ற பகுதியில் /alavu என்ற சுருக்கத்துக்குக் கீழே ஒருமுறை எழுதி வைக்கலாம். பிறகு அதைத் தட்டினால் முழு வாசகமும் வந்து நிற்கும், அனுப்பினால் போதும்.

தீபாவளிக்கு முன்னால் கை நிறைய வேலை சேர்ந்ததும், இனி எடுக்க முடியாத வகைகளைக் கேட்டலாக்கிலிருந்து அழிக்காதீர்கள், மறைத்து வையுங்கள். பொருளைத் திறந்தால் அதற்கான வசதி இருக்கிறது, பிறகு திரும்பக் கொண்டுவந்துகொள்ளலாம். வரவேற்புச் செய்தியில் துணி வாங்கும் கடைசித் தேதியை ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பண்டிகை முடிந்த மறுநாளே அந்த வரியை எடுத்துவிடவும் வேண்டும். இல்லையென்றால் கார்த்திகையில் கேட்கும் புது வாடிக்கையாளருக்கும் தீபாவளி ஆர்டர் முடிந்துவிட்டது என்றே பதில் போகும்.